பாடமும் தெரியாது, வகுப்பும் தெரியாது: மாற்று ஆசிரியருக்கு விட்டுச்செல்லும் பாடக்குறிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே வகுப்பை வைத்துச் சொல்லப்படுகின்றன: 8ஆம் வகுப்பு கணிதம், 36 மாணவர்கள், 10:20 முதல் 11:05 வரை 45 நிமிடப் பாடவேளை, பாடம் ஒரு மாறி கொண்ட நேரிய சமன்பாடுகள். வகுப்புக்குப் போகப்போகிறவர் வேறு பாடம் எடுப்பவர். x-ஐப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். மாணவர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது.

"பாடம் 4, பயிற்சி 3-ஐச் செய்யச் சொல்லவும்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதாதா?

அந்த ஒரு வரியில் விடுபட்டவை எல்லாம் வகுப்பில் கேள்விகளாக எழும். பயிற்சி 3-இல் எத்தனை கணக்கு? முழுவதுமா, ஒற்றைப்படை எண்கள் மட்டுமா? எந்த நோட்டில்? "இதை ஏற்கெனவே முடித்துவிட்டோம்" என்று பத்துப் பேர் சொல்வார்கள், "இன்னும் நடத்தவே இல்லை" என்று ஐந்து பேர் சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க மாற்று ஆசிரியருக்கு வழி கிடையாது. ஒரு மாணவர் நோட்டை நீட்டி "சரியா?" என்று கேட்டால், சரியா தவறா என்று சொல்லவும் அவரிடம் எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார், மாணவர்கள் செய்வதை நிறுத்திவிடுவார்கள்.

எழுத உட்காரும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விடை சரியா என்பதை இந்த அறையில் யார் சொல்லப்போகிறார்கள்? நீங்கள் இல்லை, வருபவருக்குத் தெரியாது. அப்படியானால் அதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி வேலை அமைய வேண்டும். குறிப்பில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நடத்த வேண்டிய புதுப் பாடத்தை விளக்கமாக எழுதிக் கொடுத்தால் நடத்திவிட மாட்டாரா?

வேண்டாம். அவர் நல்ல ஆசிரியராகவே இருக்கட்டும். ஆனால் பாடம் தெரியாத ஒருவர் தாளைப் பார்த்து நடத்தும்போது, தாளில் இல்லாத முதல் கேள்வியில் நின்றுவிடுவார். நிற்காமல் தன் பள்ளி நாட்களில் கற்ற சுருக்குவழியைச் சொல்லிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் எல்லாமே தலைகீழாகும்" என்று ஒருவர் சொன்னார் என்று வையுங்கள். 3x = 24-இல் பெருக்கலாக இருக்கும் 3, வகுத்தலாக மாறும் என்பதோடு, −3 ஆகவும் மாறும் என்று சில மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைத் திருத்த உங்களுக்கு இரண்டு பாடவேளை போகும்.

மாற்று வகுப்புக்கு ஏற்றது, நீங்கள் நடத்தி முடித்து, மாணவர்களுக்குப் பாதி கைவந்து, இன்னும் பழக்கம் போதாமல் இருக்கும் பகுதி. போன வாரம் நடத்தியது என்றால் சரி. நேற்று மதியம் அவசரமாகத் தொடங்கி வைத்தது என்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆய்வகச் சோதனை, சூடாக்கல், வெட்டும் கருவி, பட்டறை இயந்திரம், உடற்பயிற்சிக் கருவி இவையும் வேண்டாம். எது ஆபத்து என்று தெரியாதவரிடம் அவற்றின் மேற்பார்வையைக் கொடுக்கக்கூடாது.

அப்படியானால் பயிற்சித்தாள் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

பன்னிரண்டு கணக்குகள், நான்கு நான்காக மூன்று தொகுதிகள். 45 நிமிடத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை.

முதல் தொகுதி:
1) x + 7 = 12
2) 3x = 24
3) 2x + 5 = 11
4) 4x − 3 = 13

இரண்டாம் தொகுதி:
5) 5x = 3x + 14
6) 4x + 1 = 2x + 13
7) 7x − 9 = 4x + 6
8) 6x + 5 = 8x − 13

மூன்றாம் தொகுதி:
9) 2(x + 3) = 14
10) 3(x − 2) = 15
11) 2(3x − 1) = 10
12) 5(x − 1) = 3(x + 5)

முதல் தொகுதியை எல்லோரும் செய்துவிடுவார்கள். அதன் வேலை வகுப்பை உட்கார வைப்பது. இரண்டாவதில் x இரு பக்கமும் வருகிறது. மூன்றாவதில் அடைப்புக்குறி வருகிறது. பன்னிரண்டாவது கணக்கில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. நீங்கள் திரும்பி வந்ததும் பார்க்கப்போவது அந்த ஒன்றைத்தான். ஏன் என்பது கீழே வரும்.

விடைகள் வரிசையாக 5, 8, 3, 4. அடுத்து 7, 6, 5, 9. அடுத்து 4, 7, 2, 10. பன்னிரண்டும் நேர்ம முழு எண்களாக வரும்படி வேண்டுமென்றே எடுத்தவை. மாணவரின் விடையில் பின்னமோ தசமமோ கழித்தல் குறியோ வந்தால், கணக்கே தெரியாதவரும் "இதை இன்னொரு முறை பாருங்கள்" என்று தயங்காமல் சொல்லலாம்.

தாளை நகலெடுக்க முடியாமல் போனாலும் இந்தப் பன்னிரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். கணக்கின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

கணக்கு தெரியாதவர் விடையை எப்படிச் சரிபார்ப்பார்? விடைத்தாள் கொடுத்தால் போதுமா?

விடைத்தாள் கட்டாயம் வேண்டும். ஆனால் 36 பேர் "சார், இது சரியா" என்று வரிசையில் நின்றால் விடைத்தாளை வைத்துக்கொண்டும் சமாளிக்க முடியாது. அதனால் இரண்டு சோதனைகளைத் தாளுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

ஒன்று, பிரதியிட்டுப் பார்த்தல். ஒவ்வொரு கணக்குக்குக் கீழும் "சரிபார்த்தல்: இடப்பக்கம் ___ வலப்பக்கம் ___" என்று ஒரு வரி அச்சிடுங்கள். மாணவர் தன் விடையை x இருந்த இடத்தில் போட்டு இரு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். எட்டாவது கணக்கில் 9 என்று வந்தால் இடப்பக்கம் 54 + 5 = 59, வலப்பக்கம் 72 − 13 = 59. சரி. குறியைத் தவறவிட்டு −9 என்று எழுதியவருக்கு இடப்பக்கம் −49, வலப்பக்கம் −85 வரும். மாற்று ஆசிரியர் பார்க்க வேண்டியது அந்த இரண்டு எண்களும் ஒன்றா என்பதை மட்டும்தான். அதற்கு இயற்கணிதம் வேண்டாம்.

இரண்டு, தொகுதியின் கூட்டுத்தொகை. நான்கு விடைகளையும் கூட்டினால் முதல் தொகுதிக்கு 20, இரண்டாவதற்கு 27, மூன்றாவதற்கு 23. ஒவ்வொரு தொகுதிக்கான நேரம் முடியும்போது மாற்று ஆசிரியர் அந்த எண்ணைப் பலகையில் எழுதுகிறார். கூட்டுத்தொகை ஒத்துவராதவர்கள் தாங்களே திரும்பிப் போய்த் தேடுகிறார்கள்.

இதை முன்கூட்டியே எழுதிப்போடக்கூடாது. 27 என்று தெரிந்துவிட்டால் மூன்று விடையைக் கண்டுபிடித்தவர் நான்காவதைக் கழித்தே எழுதிவிடுவார். "நேரம் முடிந்த பிறகு மட்டும் எழுதவும்" என்று அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக் கூட்டுத்தொகை சரியாக வருவதும் உண்டு. அரிதுதான், ஆனால் பிரதியிடும் வரியை விட்டுவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் நம்ப முடியாததற்கு அதுவே காரணம்.

உங்கள் பாடம் கணிதம் இல்லை என்றால் இதே வடிவம் கிடைக்காது. தேடும் பொருள் மட்டும் மாறாது: விடையைக் கொண்டே விடையைச் சோதிக்கும் ஒரு வழி. மொழிப் பாடத்தில், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது பத்தியின் எந்த வரியிலிருந்து வந்தது என்று வரி எண்ணை எழுதச் சொன்னால், பத்தியைப் படிக்கத் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம்.

மாற்று ஆசிரியருக்கான தாளில் என்னென்ன எழுத வேண்டும்? எவ்வளவு நீளம்?

ஒரே தாள், இரு பக்கம். முன்பக்கம் நேரம், பின்பக்கம் விடைகளும் இருக்கை வரைபடமும். அவர் அதை வராந்தாவில் நடந்துகொண்டே படிப்பார், பெரும்பாலும் முதல் ஐந்து வரிகளைத்தான் படிப்பார். அதனால் முதல் ஐந்து வரிகளில் இவை இருக்கட்டும்: வகுப்பும் அறை எண்ணும், எத்தனை பேர் இருக்க வேண்டும், பயிற்சித்தாள்கள் எங்கே இருக்கின்றன, உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், உதவி தேவைப்பட்டால் எந்த அறையில் யாரைக் கேட்பது.

"தாள்கள் மேசையில் உள்ளன" என்று எழுதாதீர்கள். எந்த மேசை? "அறை 14, ஆசிரியர் மேசை, வலப்புற மேல் இழுப்பறை, நீல உறை, 40 தாள்கள்" என்று எழுதுங்கள். 36 பேருக்கு 40 எதற்கென்றால், ஒன்று மாற்று ஆசிரியருக்கு, மீதி மூன்று கிழிந்ததற்கும் தொலைந்ததற்கும்.

முதல் வாக்கியத்தை அவர் அப்படியே வாசிக்கும்படி எழுதுங்கள்: "உங்கள் கணித ஆசிரியர் இன்று வரவில்லை. உங்களுக்கான வேலையை எழுதி வைத்திருக்கிறார். முதல் நான்கு கணக்குகளை இப்போதே தொடங்குங்கள், தாளை வகுப்பு முடிந்ததும் வாங்கிக்கொள்வேன்." வாங்கிக்கொள்வேன் என்ற சொல் முதலிலேயே வர வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்த தாளில் யாரும் எழுதுவதில்லை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

"12 நிமிடம்" என்று எழுதாமல் கடிகார நேரத்தை எழுதுங்கள். எப்போது தொடங்கினோம் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கும் நிலையில் அவர் இருக்கமாட்டார்.

10:20 – தாள் கொடுக்கவும். முதல் தொகுதி. அவர்கள் எழுதும்போது இருக்கை வரைபடத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் வருகை எடுக்கவும்.
10:32 – பலகையில் 20 என்று எழுதவும். இரண்டாம் தொகுதி.
10:46 – பலகையில் 27 என்று எழுதவும். மூன்றாம் தொகுதி.
10:58 – பலகையில் 23 என்று எழுதவும். எல்லோரும் 12ஆம் கணக்கின் சரிபார்த்தல் வரியை முடிக்கட்டும்.
11:03 – தாள்களை வரிசை வாரியாக வாங்கவும்.
11:05 – மணி.

வருகையை வேலைக்கு முன்னால் வைக்காததைக் கவனியுங்கள். தெரியாத 36 பெயர்களைக் கூப்பிட்டு எடுத்தால் ஆறேழு நிமிடம் போகும், உச்சரிப்பு தவறும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு எழும், ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பார். கையில் வேலை இருக்கும்போது வரைபடத்தில் காலியான இடங்களைக் குறித்தால் இரண்டு நிமிடம்தான்.

மாற்று ஆசிரியரே தாமதமாக வந்தால்?

அவருக்கும் அதற்கு முந்தைய பாடவேளை இருந்திருக்கும், தாமதம் சாதாரணம். "10:30-க்குப் பிறகு வந்தால் முதல் தொகுதியை விட்டுவிட்டு 5ஆம் கணக்கில் தொடங்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். இதைச் சொல்லாவிட்டால் அவர் இயல்பாகவே முதலில் தொடங்கி, கடைசியில் நேரமில்லாமல் மூன்றாம் தொகுதியை விட்டுவிடுவார். அதோடு உங்களுக்குத் தேவைப்பட்ட பன்னிரண்டாவது கணக்கும் போய்விடும்.

மாணவர்கள் சந்தேகம் கேட்டால் அவர் என்ன சொல்வது?

"எனக்குத் தெரியாது, உங்கள் ஆசிரியர் வந்ததும் கேளுங்கள்" என்பது நேர்மையான பதில்தான். ஆனால் அதைக் கேட்ட மாணவர் பேனாவை மூடிவிடுவார். அதனால் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் இரண்டு வாக்கியங்கள் போதும். முதலாவது: "எந்த வரி வரைக்கும் சரி என்று உறுதியாக இருக்கிறாய்? அதைக் காட்டு." பல மாணவர்கள் விரலை வைத்துக் காட்டும்போதே தவறைப் பார்த்துவிடுவார்கள். இரண்டாவது: "உன் விடையை x இருக்கும் இடத்தில் போட்டுப் பார்." இரண்டும் பலிக்காவிட்டால் மாணவர் தன் கேள்வியைப் பலகையின் வலது ஓரத்தில், கணக்கு எண்ணோடு எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகட்டும். அந்த ஓரத்தை அழிக்க வேண்டாம் என்று குறிப்பில் சொல்லுங்கள். அடுத்த பாடவேளைக்கு வேறு ஆசிரியர் வருவார் என்றால், அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்கு மேல், எந்தக் கணக்கில் எந்தத் தவறு வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அதை அவருக்குக் கொடுங்கள். இந்தத் தாளுக்கு மூன்றே மூன்று:

6ஆம் கணக்கில் 6x = 14 என்ற வரியைக் கண்டால், 2x-ஐயும் 1-ஐயும் பக்கம் மாற்றியபோது குறியை மாற்றவில்லை. சொல்ல வேண்டியது: "இரண்டு பக்கத்திலிருந்தும் 2x-ஐக் கழி. என்ன மீதி?"

9ஆம் கணக்கில் 2x + 3 = 14 என்று இருந்தால், வெளியே உள்ள 2, x-ஐ மட்டும் பெருக்கியிருக்கிறது. சொல்ல வேண்டியது: "அடைப்புக்குள் எத்தனை உறுப்பு இருக்கிறது? 2 எத்தனையைப் பெருக்கியிருக்கிறது?"

7ஆம் கணக்கில் −1 என்று வந்தால், 9-ஐக் கொண்டுபோனபோது குறி மாறவில்லை. பிரதியிட்டால் இடப்பக்கம் −16, வலப்பக்கம் 2. அந்த இரண்டு எண்ணையும் மாணவரையே எழுதச் சொன்னால் போதும்.

பத்துத் தவறுகளை எழுதினால் அவர் எதையும் படிக்கமாட்டார்.

முதல் இருபது நிமிடத்திலேயே முடித்துவிடுபவர்களை என்ன செய்வது?

"அடுத்த பாடத்தைப் படி" என்பது வேலை இல்லை, பேச்சுக்கு அனுமதி. அவர்களைக் கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். தாளின் அடியில் இப்படி அச்சிட்டு வையுங்கள்: x = 6 என்று எடுத்துக்கொள். இரு பக்கமும் 4 கூட்டு: x + 4 = 10. இரு பக்கமும் 3-ஆல் பெருக்கு: 3(x + 4) = 30. இப்போது 30-ஐ, x 6 என்பதால், x + 24 என்று எழுது: 3(x + 4) = x + 24. ஒரு புதுக் கணக்கு கிடைத்துவிட்டது. இதுபோல் மூன்று செய்து, விடையை மறைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடு.

இந்த வேலை எவ்வளவு நேரமும் நீளும், வகுப்பின் கெட்டிக்கார மாணவருக்கும் அலுக்காது. அதையும் சரிபார்க்க ஆசிரியர் தேவையில்லை. தீர்த்தவருக்கு வந்த விடை, கணக்கை உருவாக்கியவர் மறைத்து வைத்த எண்ணாக இருக்க வேண்டும்.

இருக்கை வரைபடம் கட்டாயமா?

ஆம், பெயர் தெரியாதவருக்கு அது இல்லாமல் வகுப்பே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் வரைபடத்தை வரையும்போது பின்வரிசையிலிருந்து பலகையைப் பார்ப்பதுபோல, பலகையை மேலே வைத்து வரைந்துவிடுகிறோம். அவர் நிற்பதோ பலகைக்கு முன்னால், மாணவர்களைப் பார்த்து. வலது இடதாகிவிடும், ஜன்னலோரம் இருப்பவரைக் கதவோரப் பெயரால் கூப்பிடுவார். அதன் பிறகு வகுப்பு அந்த விளையாட்டைத் தொடர்ந்து விளையாடும். ஆசிரியர் மேசையைத் தாளின் கீழ் விளிம்பில் வைத்து, அங்கிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். "கதவு", "ஜன்னல்" என்று இரண்டு பக்கமும் குறித்துவிடுங்கள், தாளை எப்படிப் பிடிப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

உதவக்கூடிய இருவரின் இடத்தை வட்டமிடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்தான் இதற்கு ஏற்றவர் என்றில்லை. கேட்டால் நிஜத்தைச் சொல்பவர்கள் வேண்டும்.

வகுப்பைப் பற்றி வேறு என்ன சொல்ல வேண்டும்? குறும்பு செய்பவர்கள் பட்டியல்?

பட்டியல் வேண்டாம். அந்தத் தாள் மேசையில் கிடக்கும், மாணவர் கண்ணில் படும், பட்டியலில் உள்ளவருக்கு அதற்கேற்ப நடக்க ஒரு காரணமும் கிடைக்கும். ஒரு மாணவரின் உடல்நிலையையும் குடும்பச் சூழலையும் விவரித்து எழுத வேண்டாம். மாற்று ஆசிரியர் செய்ய வேண்டியதை மட்டும் எழுதினால் போதும்: "மூன்றாம் வரிசை, கதவோரம்: வெளியே போக வேண்டும் என்று கேட்டால் காரணம் கேட்காமல் அனுமதிக்கவும்."

மற்றபடி, "எங்கள் ஆசிரியர் எப்போதும் விடுவார்" என்று சொல்லப்படக்கூடிய விஷயங்களில் உங்கள் உண்மையான வழக்கம் என்ன என்று எழுதுங்கள். கழிப்பறைக்கு ஒரு நேரத்தில் ஒருவர், இடம் மாறி உட்கார அனுமதி இல்லை, பக்கத்தில் இருப்பவரோடு மெதுவாகப் பேசிக் கணக்குச் செய்யலாம், கால்குலேட்டர் வேண்டாம். நான்கு வரி போதும். வகுப்பை அமைதிப்படுத்த நீங்கள் வழக்கமாக என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கையை உயர்த்தி நிற்பீர்கள் என்றால் அவரும் கையை உயர்த்தட்டும். அந்தப் பழக்கம் வகுப்புக்கு ஏற்கெனவே இருக்கிறது.

வீடியோ போடச் சொல்லலாமா?

உங்கள் இணையக் கணக்கில் நுழைய வேண்டிய எதையும் நம்ப வேண்டாம். கடவுச்சொல், ஒலி, திரை, இணையம் என்று நான்கில் ஒன்று நின்றாலும் 36 பேர் கும்மாளமிடும் அறையில் அவர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாளும் பலகையும் நிற்பதில்லை.

காலையில் திடீரென்று காய்ச்சல். குறிப்பு எழுத நேரமே இல்லை என்றால்?

அதற்காகத்தான் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரு பாடம் நடத்தி முடிந்த அன்றே, அந்தப் பாடத்துக்குப் பன்னிரண்டு கணக்கு கொண்ட ஒரு தாளைத் தயார் செய்து 40 நகலை உறையில் போடுங்கள். தேதி எழுதாதீர்கள். நேரத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், பாடவேளை மாறினால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பாடம் முடிந்ததும் பழைய உறையை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். இரண்டு உறைகள் சேர்ந்து கிடந்தால் அவர் தவறான ஒன்றைத்தான் எடுப்பார்.

உறை இருக்கும் இடம் உங்கள் துறையில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அலமாரிக்குள் பூட்டி வைத்த உறை இல்லாததற்குச் சமம்.

வந்தவர் தற்செயலாகக் கணிதம் தெரிந்தவராக இருந்தால்?

அப்போதும் இதே தாள்தான். 12ஆம் கணக்கைப் பலகையில் செய்து காட்டிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் 36 தாளையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். மாற்று ஆசிரியரையும் திருத்தச் சொல்லாதீர்கள். பன்னிரண்டாவது கணக்கின் விடையை மட்டும் பார்த்துத் தாள்களைப் பிரியுங்கள். 36 தாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

10 என்று வந்தவை ஒரு குவியல். 5x − 5 = 3x + 15, அதிலிருந்து 2x = 20. இவர்களுக்குப் பாடம் கைவந்துவிட்டது.

3 என்று வந்தவை இன்னொன்று. 5x − 1 = 3x + 5 என்று எழுதியிருப்பார்கள். இரு பக்கமும் அடைப்புக்குள் முதல் உறுப்பை மட்டும் பெருக்கியிருக்கிறார்கள். இந்தத் தவறு முழு எண்ணாகவே வருவதால், "பின்னம் வந்தால் தவறு" என்ற சோதனையில் மாட்டாது. சரிபார்த்தல் வரியில்தான் மாட்டும்: இடப்பக்கம் 10, வலப்பக்கம் 24. அந்த வரியில் 10, 24 என்று எழுதியும் விடையை மாற்றாத தாள் இருந்தால், அந்த மாணவர் சரிபார்த்தலை ஒரு சடங்காகச் செய்கிறார் என்று அர்த்தம். அவரோடு தனியாக உட்கார வேண்டும்.

5 என்று வந்தவற்றில் கவனம் வேண்டும். ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒருவர் வலப்பக்க அடைப்பை மட்டும் தவறாக விரித்து 5x − 5 = 3x + 5 என்று எழுதியிருப்பார். இன்னொருவர் இரண்டையும் சரியாக விரித்துவிட்டு, −5-ஐக் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் 2x = 10 என்று எழுதியிருப்பார். முதலாமவருக்கு அடைப்புக்குறியில் சிக்கல், இரண்டாமவருக்குக் குறியில். இரண்டாம் வரியைப் பார்க்காமல் பிரிக்க முடியாது. மாணவர்கள் எல்லா வரிகளையும் எழுத வேண்டும் என்று தாளின் தலைப்பிலேயே கேட்பது இதற்காகத்தான்.

மீதித் தாள்களும் எழுதாத தாள்களும் நான்காவது குவியல்.

அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் 3-க்கான தவறைப் பலகையில் எழுதி, x-க்குப் பதில் 3-ஐப் போட்டு, அந்த 10-ஐயும் 24-ஐயும் வகுப்பின் முன் வையுங்கள். பிறகு வலது ஓரத்தில் எழுதப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பதில் வராத ஓரத்தில் அடுத்த முறை யாரும் எழுதமாட்டார்கள்.

மாற்று ஆசிரியரிடமிருந்து என்ன தகவல் கேட்க வேண்டும்?

"வகுப்பு எப்படி இருந்தது" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று எழுதிவிடுவார். தாளின் அடியில் நிரப்ப நான்கு இடம் விடுங்கள்: வராதவர்கள் யார், பெரும்பாலோர் எந்தக் கணக்கு எண் வரை வந்தார்கள், அதிகம் பேர் நின்ற கணக்கு எது, இந்தக் குறிப்பில் எந்த வரி புரியவில்லை. நான்காவது உங்களுக்கானது. அவர் சுட்டும் வரியை அன்றே திருத்தி எழுதி உறைக்குள் வையுங்கள்.